பெரியப்பாவின் லேப்டாப்: பார்வை மங்கியவருக்குத் திரை எழுத்தைச் சரியாக அமைப்பது

கும்பகோணத்தில் இருக்கும் என் பெரியப்பாவுக்கு 78 வயது. வலது கண்ணில் கண்புரை அறுவை முடிந்துவிட்டது, இடது கண்ணில் இன்னும் பாக்கி. காலையில் செய்தி, பகலில் தேவாரம், மாதத்தில் ஒரு நாள் பென்ஷன் கணக்கு, ராத்திரி பேத்தியோடு வீடியோ அழைப்பு. அவருடைய லேப்டாப்பில் நடப்பது இவ்வளவுதான். போன பொங்கலுக்குப் போனபோது, அவர் மூக்கு திரையில் இடிக்கிற தூரத்தில் குனிந்து உட்கார்ந்திருந்தார். நான் உடனே எல்லாவற்றையும் இரண்டு மடங்கு பெரிதாக்கி வைத்துவிட்டு ஊர் திரும்பினேன். ஒரு வாரம் கழித்துக் கேட்டால், லேப்டாப்பை மூடி அலமாரியில் வைத்துவிட்டாராம். "எழுத்து தெரியுதுப்பா, ஆனா எது எங்க இருக்குன்னே தெரியலை" என்றார்.

அடுத்த முறை போனபோது ஒரு முழு மத்தியானம் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக மாற்றி, அவரையே வாசிக்கச் சொல்லி அமைத்தோம். இன்றுவரை அதில்தான் வாசிக்கிறார். அந்த மத்தியானத்தில் செய்ததை அதே வரிசையில் இங்கே எழுதுகிறேன். அவருடையது 15.6 அங்குலத் திரை, 1920 × 1080 புள்ளிகள், விண்டோஸ் 11, பிரவுசர் குரோம். உங்கள் வீட்டில் விண்டோஸ் 10 இருந்தால் Accessibility என்று நான் சொல்லும் இடத்தில் Ease of Access என்று இருக்கும். சில பெயர்களும் மாறும், வழி ஏறக்குறைய இதேதான்.

கணினியைத் தொடுவதற்கு முன்

முதலில் கண்ணாடி. வாசிப்பதற்கென்று கொடுக்கும் கண்ணாடி ஏறக்குறைய 40 சென்டிமீட்டர் தூரத்துக்கு, அதாவது கையில் புத்தகம் பிடிக்கும் தூரத்துக்கு ஏற்றது. லேப்டாப் திரையோ மேஜையில் 55, 60 சென்டிமீட்டரில் இருக்கும். அந்தக் கண்ணாடியோடு பார்த்தால் எழுத்து எவ்வளவு பெரிதாக இருந்தாலும் ஓரம் கலங்கித்தான் தெரியும். மேலே தூரப் பார்வை, கீழே கிட்டப் பார்வை என்று இரண்டு பகுதி உள்ள கண்ணாடி என்றால் இன்னொரு தொல்லை. கீழ்ப் பகுதி வழியாகத் திரையைப் பார்க்க மோவாயைத் தூக்கவேண்டும், பத்து நிமிஷத்தில் கழுத்து வலிக்கும். வீட்டுப் பெரியவர் தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டு திரையைப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். அப்படிப் பார்த்தால் திரையைத் தாழ்த்துங்கள், கொஞ்சம் அருகில் இழுங்கள். கண் டாக்டரிடம் போகும்போது கண்ணிலிருந்து திரைவரை டேப் வைத்து அளந்த தூரத்தைச் சொன்னால், அந்தத் தூரத்துக்கென்றே ஒரு கண்ணாடி எழுதித் தருவார்.

60 சென்டிமீட்டரில் இருக்கும் திரையை 40க்குக் கொண்டுவந்தால் கண்ணுக்கு எழுத்து ஒன்றரை மடங்கு பெரிதாகிறது. ஒரு செட்டிங்கையும் தொடாமல் கிடைக்கும் பெருக்கம் இது. ஆனால் அந்தத் தூரத்துக்கு ஏற்ற கண்ணாடி இருந்தால்தான் பலிக்கும்.

அப்புறம் வெளிச்சம். பெரியப்பாவின் மேஜை ஜன்னலுக்கு எதிரே இருந்தது. அவர் முதுகுக்குப் பின்னால் இருந்த ஜன்னல் அப்படியே திரையில் விழுந்துகொண்டிருந்தது. கறுப்பு எழுத்தின் மேல் வெளிச்சம் விழுந்தால் கறுப்பு சாம்பலாகிவிடும். மேஜையைத் திருப்பி ஜன்னல் பக்கவாட்டில் வரும்படி வைத்தோம். திரை வெளிச்சத்தைச் சரிபார்க்க ஓர் எளிய வழி உண்டு: ஒரு வெள்ளைத் தாளைத் திரையின் பக்கத்தில் பிடியுங்கள். திரையின் வெள்ளை, விளக்கு மாதிரி ஒளிர்ந்தால் வெளிச்சம் அதிகம். தாளைவிட மங்கலாகச் சாம்பலாகத் தெரிந்தால் குறைவு. இரண்டும் ஒன்றுபோலத் தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். பல லேப்டாப்கள் பேட்டரியில் ஓடும்போது வெளிச்சத்தைத் தாமாகவே குறைத்துவிடும். "காலையில தெரிஞ்சது, இப்ப தெரியலை" என்று பெரியவர் சொன்னால் முதலில் சார்ஜர் செருகியிருக்கிறதா என்று பாருங்கள்.

எவ்வளவு பெரிதாக்கவேண்டும் என்று கண்டுபிடிப்பது

நான் முதல் முறை செய்த தவறு இங்கேதான். எவ்வளவு வேண்டும் என்று பார்க்காமல் என் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிந்த அளவில் வைத்துவிட்டேன்.

கணினியில் இரண்டு பெருக்கங்கள் ஒன்றன்மேல் ஒன்று உட்காருகின்றன. ஒன்று விண்டோஸின் Scale, அது எல்லாவற்றையும் பெரிதாக்கும். மற்றது பிரவுசரின் Zoom, அது இணையப் பக்கத்தை மட்டும் பெரிதாக்கும். இரண்டையும் பெருக்கினால் வருவதுதான் கண்ணில் படும் அளவு. Scale 150%, Zoom 150% என்றால் ஒன்றரை தடவை ஒன்றரை, மொத்தம் 225%.

தமிழ்ப் பக்கம் ஒன்றைத் திறந்து, பெரியவரை வழக்கமான கண்ணாடியோடு வழக்கமான இடத்தில் உட்காரவையுங்கள். குனியக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். Zoom அளவைச் சிறிதாக வைத்து, ஒரு வரியை வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு Ctrl விசையைப் பிடித்துக்கொண்டு + விசையை ஒருமுறை தட்டுங்கள், அடுத்த வரியை வாசிக்கச் சொல்லுங்கள். தட்டித்தடுமாறி, ஆனால் பிழையில்லாமல் ஒரு வரியை முடிக்கிற அளவு ஒன்று வரும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அவரால் வாசிக்க முடிகிற மிகச் சிறிய அளவு அது. நிம்மதியாக அரை மணி நேரம் வாசிக்க அதைப்போல இரண்டு மடங்கு வேண்டும். குறைந்தபட்ச அளவிலேயே வைத்துவிட்டால் நாலு வரி வாசித்துவிட்டு "கண்ணு வலிக்குது" என்று எழுந்துவிடுவார்.

தமிழில் சோதிக்கும்போது எந்த இடத்தில் தடுமாறுகிறார் என்று கவனியுங்கள். முதலில் தொலைவது புள்ளி. "பார்த்தார்" என்பது "பாரததார" என்று தெரியும், பழக்கத்தால் ஊகித்து வாசித்துவிடுவார். அதனால் அவர் அறிந்த பாட்டையோ பழமொழியையோ கொடுத்துச் சோதிக்கக் கூடாது, மனப்பாடமாகவே வந்துவிடும். ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் நிறைந்த செய்தி ஒன்றைக் கொடுங்கள். அடுத்துக் குழம்புவது ன, ண இரண்டும், கி, கீ இரண்டின் மேல்விலங்கும் சுழியும். எண்களில் 3, 8, 6 மூன்றையும் சேர்த்துச் சோதியுங்கள், ஏனென்றால் பாங்க் கணக்கில் ஊகித்து வாசிக்க முடியாது.

பெரியப்பாவின் லேப்டாப் 125% Scale உடன் வந்தது. Zoom 100% இருக்கும்போது, அதாவது மொத்தம் 125%ல், அவர் தட்டுத்தடுமாறி வாசித்தார். அதற்கும் கீழே புள்ளிகள் போய்விட்டன. இரண்டு மடங்கு என்றால் 250%. அதுதான் எங்கள் இலக்கு.

Scale மாற்றுவது

டெஸ்க்டாப்பில் காலி இடத்தில் வலது கிளிக் செய்து Display settings திறங்கள். அங்கே Scale என்ற வரியில் 100%, 125%, 150%, 175% என்று பட்டியல் வரும். பெரியப்பாவுக்கு 150% வைத்தோம். மாற்றியதும் திறந்திருக்கும் எல்லாவற்றையும் மூடி மறுபடி திறங்கள். சில பழைய மென்பொருள்கள் அதுவரை கலங்கலாகத் தெரியும்.

அதற்குக் கீழேயே Display resolution என்று ஒன்று இருக்கும். எழுத்துப் பெரிதாகவேண்டும் என்று பலர் இதைத்தான் குறைத்துவிடுகிறார்கள். குறைத்தால் எழுத்துப் பெரிதாவது உண்மைதான், ஆனால் அதன் ஓரங்கள் மசிந்து போகும். ஏற்கெனவே கலங்கலாகப் பார்க்கிற கண்ணுக்குக் கலங்கலான எழுத்தைக் கொடுப்பது மோசம். Recommended என்று எழுதியிருக்கும் அளவிலேயே அதை விட்டுவிடுங்கள்.

ஏன் 250 முழுவதையும் Scale வழியாகவே வைக்கவில்லை? Scale கூடக்கூடத் திரையின் இடம் சுருங்குகிறது. 1920 புள்ளி அகலத் திரை, 150%ல் 1280 புள்ளித் திரை போல ஆகிறது. 250%ல் அது 768தான், உயரம் 432தான். விண்டோஸின் பல அறிவிப்புப் பெட்டிகள் அந்த உயரத்துக்குள் அடங்காது, அடியில் இருக்கும் OK, Save பொத்தான்கள் திரைக்கு வெளியே போய்விடும். நான் முதலில் வைத்த 200%ல் பெரியப்பாவுக்கு அதுதான் நடந்தது. ஏதோ ஒரு பெட்டி வந்து நின்றது, மூடும் பொத்தான் கண்ணில் படவில்லை, பயந்து லேப்டாப்பையே மூடிவிட்டார். 1366 × 768 புள்ளிகள் உள்ள பழைய லேப்டாப்களில் இடம் இன்னும் குறைவு, 125%க்கு மேல் போவதற்கு முன் யோசியுங்கள். பொத்தான் மறைந்துபோனால் Tab விசையால் நகர்ந்து Enter தட்டலாம். ஆனால் அதைப் பெரியவரிடம் எதிர்பார்க்கக் கூடாது, அந்த நிலை வராமல் அமைப்பதுதான் நம் வேலை.

Scale வரியைத் திறந்தால் உள்ளே Custom scaling என்று நாமே எண்ணைத் தட்டும் பெட்டி ஒன்று உண்டு. 100 முதல் 500 வரை ஏற்கும். தவறி 400 என்று தட்டிவிட்டால் திரும்பிவரும் வழியே திரையில் அடங்காது. பட்டியலில் இருக்கும் அளவுகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அடுத்து Windows விசையோடு U தட்டுங்கள், Accessibility பக்கம் வரும். அதில் Text size. இழுக்கும் கோடு ஒன்று 100% முதல் 225% வரை போகும், இழுத்துவிட்டு Apply தட்டவேண்டும். இது எழுத்தை மட்டும் பெரிதாக்கும், படங்களையும் ஐகான்களையும் தொடாது. மெனு, ஃபைல் பெயர், அறிவிப்பு இவற்றுக்கு நல்லது. இணையப் பக்கத்துக்கு இதை நம்பவேண்டாம், அதற்கு அடுத்த படி இருக்கிறது. பெரியப்பாவுக்கு 120% போதும் என்று தோன்றியது. 150 தாண்டினால் சில பெட்டிகளில் எழுத்துப் பாதியில் வெட்டுப்படும்.

குரோமில் ஒரே தடவையில் எல்லாப் பக்கத்துக்கும்

Ctrl, + தட்டிப் பெரிதாக்குவதை குரோம் அந்தத் தளத்துக்கு மட்டுமே நினைவில் வைத்துக்கொள்ளும். செய்தித் தளம் பெரிதாகத் தெரியும், பாங்க் தளம் சிறிதாகவே வரும். "நேத்து சரியா இருந்துச்சே" என்ற புகாருக்குப் பாதிக் காரணம் இதுதான். எல்லாத் தளத்துக்கும் சேர்த்து அமைக்க, குரோமின் முகவரிப் பெட்டியில் இதைத் தட்டுங்கள்:

```
chrome://settings/appearance
```

அங்கே Page zoom என்ற வரி இருக்கும். பெரியப்பாவுக்கு 175% வைத்தோம். விண்டோஸின் 150%ஐ இந்த 175%ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 262%. இலக்கு 250, கொஞ்சம் கூடத்தான், ஆனால் 150% Zoom வைத்தால் 225தான் வருகிறது. இரண்டையும் வைத்து வாசிக்கச் சொன்னோம், அவர் 175ஐத் தேர்ந்தெடுத்தார். ஏற்கெனவே Ctrl, + தட்டிப் பெரிதாக்கிய தளங்கள் பழைய அளவிலேயே இருக்கும். அந்தத் தளத்தில் போய் Ctrl, 0 தட்டினால் புதிய பொது அளவுக்கு வந்துவிடும்.

இந்த Ctrl, 0 ஒன்றை மட்டும் பெரியவருக்குக் கற்றுக்கொடுங்கள். Ctrl விசையில் விரல் பட்டிருக்கும்போது மவுஸ் சக்கரம் உருண்டால் பக்கம் திடீரென்று பெரிதாகும், அல்லது எறும்பு போலச் சிறுத்துவிடும். இது எல்லோருக்கும் நேரும். ஆனால் பார்வை குறைந்தவர் தன் கண்தான் இன்னும் கெட்டுவிட்டது என்று நினைத்து மனம் தளர்ந்துவிடுகிறார். லேப்டாப் மூடிக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளில் தடித்த மார்க்கரால் Ctrl, 0 என்று எழுதி ஒட்டினோம்.

இந்த அளவில் பக்கத்தின் தோற்றம் மாறுவதைப் பார்த்துப் பயப்படவேண்டாம். 1920ஐ 2.62ஆல் வகுத்தால் தளத்துக்குக் கிடைக்கும் அகலம் ஏறக்குறைய 730 புள்ளி. தளம் தன்னை ஒரு டேப்லெட்டில் பார்க்கிறார்கள் என்று நினைத்து, ஓரப் பத்திகளை எல்லாம் கீழே தள்ளி ஒரே பத்தியாக மாறிவிடும். மெனு மூன்று கோடுள்ள ஒரு பொத்தானுக்குள் ஒளிந்துகொள்ளும். பார்வை குறைந்தவருக்கு இது நன்மைதான், ஒரே பத்தியாக மேலிருந்து கீழே வாசித்துப் போகலாம். அந்த மூன்று கோடு எங்கே இருக்கிறது என்பதை மட்டும் விரல் வைத்துக் காட்டிவிடுங்கள். பக்கவாட்டில் நகர்த்தி வாசிக்கவேண்டிய நிலை எந்தத் தளத்தில் வந்தாலும், அதில் மட்டும் Ctrl, – தட்டி ஒரு படி குறைப்பது நல்லது. ஒவ்வொரு வரிக்கும் வலமும் இடமும் இழுத்து யாராலும் வாசிக்க முடியாது.

கான்ட்ராஸ்ட்

எழுத்தைப் பெரிதாக்கியும் "பனி மூட்டம் மாதிரி இருக்கு" என்று சொன்னால் அளவு போதாது என்று நினைத்து மேலும் பெரிதாக்காதீர்கள். அது கான்ட்ராஸ்ட் குறை, அதாவது எழுத்துக்கும் பின்னணிக்கும் நடுவே வெளிச்ச வேறுபாடு போதவில்லை.

வெள்ளையில் கறுப்பு எழுத்து என்றால் அந்த வேறுபாடு 21க்கு 1. வலைத்தளங்களுக்கான பொது வழிகாட்டு நெறி, சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5 வேண்டும் என்கிறது. 80 வயதை ஒட்டியவர்களின் வழக்கமான பார்வையை, நம் ஊர்க் கண் டாக்டர் கணக்கில் 6/12 என்று எழுதும் பார்வையை, மனதில் வைத்து வந்த எண் அது. அதைவிடப் பார்வை குறைந்தவர்களுக்கு 7 வேண்டும். ஆனால் பல தளங்களில் தேதி, விலை விவரம், படிவத்துக்குள் இருக்கும் குறிப்பு எல்லாம் வெளிர்ச் சாம்பலில் வருகின்றன. #999999 என்ற சாம்பல் வெள்ளை மேல் இருந்தால் வேறுபாடு 3ஐக்கூடத் தொடாது. அந்த எழுத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் கண்புரைக் கண்ணுக்குப் புகை மாதிரிதான்.

கண்புரை உள்ளவருக்கு இன்னொன்றும் உண்டு. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் கலங்கியிருப்பதால், வெள்ளைப் பின்னணியிலிருந்து வரும் ஒளி கண்ணுக்குள்ளேயே சிதறி எழுத்தின் மேல் படிகிறது. மழை நேரத்தில் எதிரே வரும் லாரியின் விளக்கு, அழுக்குக் கண்ணாடியில் பரவுகிற மாதிரி. அதனால்தான் இவர்களில் பலருக்குக் கறுப்புப் பின்னணியில் வெளிர் எழுத்து நன்றாகப் பிடிக்கிறது, சிதற ஒளியே குறைவு. ஆனால் எல்லோருக்கும் இது பொருந்தாது. சிலருக்குக் கறுப்பின் மேல் வெள்ளை எழுத்து ஓரம் வழிந்து தடித்துத் தெரியும், அவர்களுக்கு வெளிர் பின்னணிதான் சரி. வாசிக்கச் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

Windows, U தட்டி Contrast themes போங்கள். Aquatic, Desert, Dusk, Night sky என்று நான்கு இருக்கும். Desert மட்டும் வெளிர் பின்னணி, மற்ற மூன்றும் இருட்டு, அவற்றில் Night sky முழுக் கறுப்பு. ஒன்றைத் தேர்ந்தெடுத்து Apply தட்டினால் சில நொடி கழித்துத் திரை முழுக்க மாறும். குரோமில் திறக்கும் தளங்களும் மாறும், தளம் போட்ட வெளிர்ச் சாம்பலை எல்லாம் ஒதுக்கிவிட்டு நாம் தேர்ந்தெடுத்த நிறத்தில் எழுத்தைக் காட்டும்.

நாங்கள் Desert, Night sky இரண்டிலும் ஒரே செய்தியை ஆளுக்கு ஐந்து நிமிஷம் என்று வாசித்துப் பார்த்தோம். பெரியப்பா Night sky என்றார். ஆனால் இணைப்புகளின் நிறம் கறுப்பில் அமிழ்ந்துபோவதாகச் சொன்னார். அதே இடத்தில் Edit தட்டினால் Text, Hyperlink, Selected text என்று ஒவ்வொன்றின் நிறத்தையும் மாற்றலாம். இணைப்பை வெளிர் மஞ்சளாக்கினோம், எழுத்தைத் தூய வெள்ளையிலிருந்து ஒரு பொட்டு பழுப்பு கலந்த வெள்ளையாக்கினோம். புதுப் பெயர் கேட்கும், கொடுத்துச் சேமியுங்கள்.

இதில் எதிர்பார்க்கவேண்டிய தொல்லைகள் சில. சில தளங்களில் கறுப்பு நிறச் சின்னங்கள் கறுப்புப் பின்னணியில் கரைந்துவிடும், பொத்தான் இருக்கும், அதன் மேலிருந்த படம் மட்டும் தெரியாது. வேர்ட் ஆவணம் கறுப்பாகத் தெரியும். அச்சடித்தால் வழக்கம்போல வெள்ளைத் தாளில் கறுப்பாகத்தான் வரும், ஆனால் முதல் முறை பார்த்தபோது பெரியப்பா பதறிவிட்டார், முன்னாலேயே சொல்லிவிடுங்கள். புகைப்படங்கள் மாறாது. தீம் வேண்டாம் என்று தோன்றினால் அதே பக்கத்தில் None தேர்ந்து Apply தட்டலாம். இடது Alt, இடது Shift, PrtScn மூன்றையும் சேர்த்துத் தட்டினாலும் தீம் வரும், போகும்.

தீம் முழுவதும் பிடிக்காதவருக்குக் குறைந்தபட்சம் ஒன்று செய்யுங்கள். Accessibility பக்கத்திலேயே Visual effects திறந்து Transparency effects அணைத்துவிடுங்கள். மெனுக்களுக்குப் பின்னால் இருப்பது ஊடுருவித் தெரிவது நின்று, பின்னணி ஒரே நிறமாகிவிடும். அங்கேயே Always show scrollbars போட்டுவிட்டால், ஓரத்தில் மறைந்து மறைந்து வரும் நகர்த்தும் பட்டை எப்போதும் கண்ணில் இருக்கும்.

மவுஸ் அம்பு

இதை மறந்துவிடாதீர்கள். எழுத்துத் தெரிந்தும் அம்பைத் தேடியே பாதி நேரம் போய்விடுகிறது. Accessibility பக்கத்தில் Mouse pointer and touch திறந்தால் அளவுக் கோடு 1 முதல் 15 வரை இருக்கும். 3 அல்லது 4 போதும், அதற்குமேல் அம்பே எழுத்தை மறைக்கும். நிறத்துக்கு Custom தேர்ந்து பச்சையோ மஞ்சளோ வையுங்கள். தட்டச்சு செய்பவராக இருந்தால் பக்கத்திலேயே இருக்கும் Text cursor பகுதியில் கர்சரின் தடிமனைக் கூட்டலாம்.

படமாக வரும் பக்கங்கள்

இவ்வளவும் செய்த பிறகும் பெரியப்பாவுக்கு ஒன்று மட்டும் சரியாகவில்லை. செய்தித்தாளின் பக்கத்தை அப்படியே படமாகப் போடும் பதிப்பு. ஸ்கேன் செய்த புத்தகமும் பென்ஷன் ஆணையும் இந்த வகைதான். அதில் இருப்பது எழுத்து அல்ல, எழுத்தின் படம். அதனால் Text size கேட்காது, கான்ட்ராஸ்ட் தீமும் தொடாது. சோதிக்க எளிய வழி: மவுஸால் ஒரு சொல்லை இழுத்துத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள், தேர்வாகவில்லை என்றால் அது பெரும்பாலும் படம்.

இதற்கு விண்டோஸின் Magnifier இருக்கிறது. Windows விசையோடு + தட்டினால் திறக்கும், மீண்டும் தட்டத் தட்டப் பெரிதாகும், Windows, Esc தட்டினால் மூடிக்கொள்ளும். Ctrl, Alt, I மூன்றையும் சேர்த்துத் தட்டினால் நிறம் தலைகீழாகும், வெள்ளைத் தாள் கறுப்பாகவும் எழுத்து வெள்ளையாகவும் ஆகிவிடும். ஸ்கேன் பக்கத்துக்கு அது ஒன்றுதான் நாங்கள் கண்ட நல்ல வழி. ஒவ்வொரு தட்டுக்கும் ரொம்பத் தாவினால் Accessibility பக்கத்தில் Magnifier திறந்து Zoom increment என்பதை 25%க்குக் குறையுங்கள்.

Magnifier முழுத் திரையில் இருக்கும்போது மவுஸ் போகும் பக்கமெல்லாம் திரையும் ஓடும், சிலருக்குத் தலை சுற்றும். Ctrl, Alt, D தட்டினால் திரையின் மேல்பகுதியில் மட்டும் ஒரு பட்டையாகப் பெரிதாக்கிக் காட்டும், கீழே பக்கம் அசையாமல் இருக்கும். பெரியப்பாவுக்கு இதுதான் ஒத்துக்கொண்டது. எந்நேரமும் இதையே நம்பி வாசிப்பது கடினம், பென்ஷன் ஆணை மாதிரி எப்போதாவது வரும் பக்கங்களுக்கு வைத்துக்கொள்ளலாம். செய்திக்கு, அதே செய்தித்தாளின் சாதாரண இணையத்தளத்துக்கு அவரை மாற்றிவிட்டோம்.

பெரியம்மாவுக்கு இதெல்லாம் ஒத்துவரவில்லை

அதே லேப்டாப்பில் பெரியம்மாவும் சமையல் குறிப்பு வாசிப்பார். அவருக்குக் கண் அழுத்த நோய். அதில் நடுப்பார்வை ஓரளவு நன்றாக இருக்கும், ஓரப்பார்வைதான் சுருங்கிக்கொண்டே வரும். பெரியப்பாவின் 262% பக்கத்தைப் பார்த்துவிட்டு, "ஒரு சொல்லு தெரியுது, அடுத்த வரி எங்க தொடங்குதுன்னு தேடவேண்டியிருக்குப்பா" என்றார். அவருடைய பார்வைக்குள் ஒரு நேரத்தில் விழும் பரப்பே சிறியது. எழுத்தைப் பெரிதாக்கினால் அந்தப் பரப்புக்குள் அடங்கும் சொற்கள் குறைந்துபோகும். அவருக்கு மொத்தம் 150% போதுமானதாக இருந்தது. பிரவுசர் சாளரத்தையும் பாதித் திரை அகலத்துக்குக் குறுக்கியபோது வரிகள் சின்னதாகி, அடுத்த வரியின் தொடக்கம் பிடிபட்டது. தீம் Desert.

விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்தவர்களுக்கு நிலைமை நேர் எதிர். நேராகப் பார்க்கும் இடம்தான் மறையும், ஓரம் தெரியும். அவர்களுக்குத்தான் எழுத்து உண்மையிலேயே மிகப் பெரிதாக வேண்டும், 300%க்கு மேலும் போகலாம். அதனால் நோயின் பெயரைத் தெரிந்துகொண்டு உட்காருங்கள்.

ஒரே கணினியில் இருவருக்கும் எப்படி அமைப்பது? Settings திறந்து Accounts, அதில் Other users போய் இன்னொரு பயனர் கணக்குச் சேர்த்தோம். Text size, கான்ட்ராஸ்ட் தீம், குரோமின் அளவு எல்லாம் ஒவ்வொரு கணக்குக்கும் தனித்தனி. பெரியம்மா தன் படத்தைத் தொட்டு நுழைந்தால் அவருடைய திரை, பெரியப்பா நுழைந்தால் அவருடையது.

இதற்கு மேலும் வேண்டுமென்றால்

இலக்கு அளவு வைக்கும்போது திரையில் இடமே மிஞ்சவில்லை என்றால் செட்டிங்கோடு போராடுவதைவிடப் பெரிய திரை ஒன்றை HDMI கேபிளில் இணைப்பது நல்லது. 24 அங்குலத் திரையில் இதே 1920 × 1080 புள்ளிகள் இருந்தால், 15.6 அங்குல லேப்டாப்பைவிட எழுத்து ஒன்றரை மடங்கு பெரிதாக இருக்கும், இடம் ஒரு துளியும் குறையாது. வாங்கும்போது புள்ளி அதிகமுள்ளதைத் தேடவேண்டாம். அங்குலம் கூடி, புள்ளி அதே அளவில் இருப்பதுதான் நமக்கு வேண்டியது.

அமைத்துவிட்டு வரும்போது எல்லா எண்களையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: Scale 150, Text size 120, Page zoom 175, Night sky, அம்பு 4, திரை தூரம் 50 சென்டிமீட்டர். ஊரிலிருந்து போனில் கேட்டுச் சரிசெய்ய அந்தத் தாள்தான் உதவும். அறுவைக்குப் பிறகோ புதுக் கண்ணாடி வந்த பிறகோ அந்த எண்கள் பொருந்தாது. வைக்கும் லென்ஸ் பெரும்பாலும் தூரப் பார்வைக்கு ஏற்றதாக இருப்பதால் திரைக்கும் வாசிப்புக்கும் புதுக் கண்ணாடி வரும், அதோடு உட்கார்ந்து மறுபடி அந்தச் சோதனையைச் செய்யவேண்டும். பெரியப்பாவின் இடது கண் அறுவை வைகாசியில் என்று முடிவாகியிருக்கிறது. அதற்குப் பிறகு 175 அவருக்கு அதிகமாகலாம், கறுப்புப் பின்னணியே தேவைப்படாமலும் போகலாம்.

ஒன்று மட்டும் செட்டிங்கால் சரிசெய்யப் பார்க்காதீர்கள். அட்டவணையின் நேர்கோடுகள் வளைந்து நெளிந்து தெரிகின்றன என்றோ, வரியின் நடுவில் ஒரு சொல் காணாமல் போகிறது என்றோ, நேற்றுவரை வாசித்த அளவு திடீரென்று இன்று தெரியவில்லை என்றோ பெரியவர் சொன்னால், லேப்டாப்பை அப்படியே வைத்துவிட்டு அன்றைக்கே கண் டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.